கலைச்சொல் விவாதம்: தட்டில் ஊற்றத் தகுந்த அகாரின் சூட்டுக்கு "வார்பதம்" பொருந்துமா?

புதுச்சேரி, நுண்ணுயிரியல் விரிவுரையாளர்

அன்புடையீர், வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். ஊட்ட அகார் பற்றிய பகுதியில் ஒரு சொல் தேவைப்படுகிறது. ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த ஊடகத்தை 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஆறவிட்டே பெட்ரி தட்டில் ஊற்ற வேண்டும். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியின் உட்புறம் ஆவி நீராகப் படியும். இன்னும் ஆறவிட்டால் 40 டிகிரியை நெருங்கும்போதே குடுவைக்குள் உறையத் தொடங்கி, தட்டில் கட்டி கட்டியாக விழும். அதை மறுபடி உருக்க 85 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டியிருக்கும். உருகியதை ஊற்றி உறைய விடுவதை நாம் வார்த்தல் என்கிறோம். பாகுக்குப் பதம் பார்ப்பதும் நம் வழக்கம். ஆகவே இந்நிலையை "வார்பதம்" எனலாமா?

கடலூர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

சொல் நன்று. ஆனால் இரண்டு ஐயங்கள் உள்ளன. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் காற்றிலிருந்து விழும் கிருமிகளும் மடிந்துவிடுமே, பிறகு ஏன் ஆறவிட வேண்டும்? அடுத்து, ஆட்டோகிளேவ் செய்தபின் பி.எச். சற்று இறங்கிவிடுகிறது. எனவே வார்பதத்தில் இருக்கும்போதே காரம் சேர்த்துச் சரிசெய்வதுதானே முறை?

புதுச்சேரி, நுண்ணுயிரியல் விரிவுரையாளர்

ஐயா, பி.எச். இறங்கக்கூடும் என்பது சரியே. ஆனால் நுண்ணுயிர் நீக்கிய குடுவையைத் திறந்து பி.எச். அளவியின் மின்முனையை உள்ளே விட்டால் அதுவரை செய்த வேலை வீணாகும். உறையும் அகார் மின்முனையிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் அகாரைச் சேர்ப்பதற்கு முன்பே, மற்றப் பொருள்கள் கரைந்து அறை வெப்பத்தில் இருக்கும்போது, 7.4க்குக் கொண்டுவருகிறோம். 500 மி.லி. வடிநீருக்குப் பெப்டோன் 2.5 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 1.5 கிராம், சோடியம் குளோரைடு 2.5 கிராம். கரைசல் 6.8 காட்டினால் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கி, அளவி நிலைத்தபின் படிக்க வேண்டும். அதன்பிறகே 7.5 கிராம் அகாரைச் சேர்த்துக் கொதிக்க வைத்து உருக்கி, 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்கிறோம். ஆறியபின் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்துச் சோதிக்கலாம், 7.2க்கும் 7.6க்கும் இடையில் இருந்தால் போதும். கரைசலை மிகுந்த அமிலத்தன்மையோடு ஆட்டோகிளேவில் வைத்தால் அகாரே சிதைந்து, தட்டு இறுகாமல் குழைந்து நிற்கும்.

சூடு கிருமியைக் கொல்லும் என்பதை இங்கே நம்ப இயலாது. ஊற்றியதும் தட்டு விரைவாக ஆறிவிடுகிறது. சில பாக்டீரியாக்களின் வித்துகளோ கொதிநீரையே தாங்கக்கூடியவை. பிறகு மூடியில் படிந்த நீர் சொட்டி, ஓரிடத்துக் கிருமியைத் தட்டு முழுவதும் பரப்பும்.

கடலூர், ஆய்வகப் பணியாளர்

சொல்லைப் பற்றிக் கருத்துக் கூற எனக்குத் தகுதி இல்லை. என் தட்டுகளைப் பற்றிக் கேட்கிறேன். எதையும் பூசாமலே 37 டிகிரியில் ஒரு நாள் வைத்ததில் பலவற்றில் வளர்ச்சி தெரிகிறது. ஆட்டோகிளேவ் பழுதாக இருக்குமோ? மேசைக்கு மேல் மின்விசிறி ஓடியது. தட்டுகளின் மூடிகளையெல்லாம் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

புதுச்சேரி, நுண்ணுயிரியல் விரிவுரையாளர்

நுண்ணுயிர்க் கூட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று தட்டைச் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஊற்றும்போது காற்றிலிருந்து விழுந்தவை. அகாருக்குள்ளேயே புதைந்தும், எல்லாத் தட்டிலும் ஒரே வகையாகவும் இருந்தால் ஆட்டோகிளேவை ஐயுறலாம். குடுவையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பியிருந்தாலும் சூடு நடுவரை எட்டாமல் போகலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விசிறியும் திறந்த மூடிகளுமே காரணமாகத் தோன்றுகின்றன. விசிறியை நிறுத்தி, பன்சன் சுடரருகே அமர்ந்து, பஞ்சடைப்பானை எடுத்ததும் குடுவையின் வாயைச் சுடரில் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தட்டின் மூடியை மட்டும் ஒருபுறமாகச் சற்றே உயர்த்தி, 15 முதல் 20 மி.லி. ஊற்றி உடனே மூடுங்கள். உறைந்தபின் கவிழ்த்து வையுங்கள்.

புதுச்சேரி, மொழிபெயர்ப்பாளர்

நீர் மாதிரியை உருகிய அகாரில் கலந்து ஊற்றிக் கூட்டங்களை எண்ணும் முறையைத்தானே வார்பதம் என்கிறீர்கள்? அதற்கு "கலவை வார்ப்பு" என்பது தெளிவாக இருக்கும்.

புதுச்சேரி, நுண்ணுயிரியல் விரிவுரையாளர்

இல்லை அம்மா, அது முறையின் பெயர். நான் கேட்பது ஊற்றத் தகுந்த சூட்டு நிலைக்கு. ஆயினும் உங்கள் கேள்வி ஒரு சிக்கலைக் காட்டுகிறது. வெறும் தட்டு வார்க்க 50 டிகிரி ஏற்றது. மாதிரியைக் கலக்கும்போதோ உயிரணுக்கள் மடியாதிருக்க 45ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே "வார்பதம்" போதுமா, கலக்கும் நிலைக்குக் "கலப்புப்பதம்" என்று தனியே வைக்க வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. செய்முறை வகுப்பு நடத்துவோர் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

கடலூர், ஆய்வகப் பணியாளர்

பார்த்துவிட்டேன். எல்லாம் மேற்பரப்பில்தான் உள்ளன. ஒன்றுகூட உள்ளே இல்லை. நாளை விசிறியை நிறுத்தி மறுபடி வார்க்கிறேன்.