மனைவியைக் கொன்ற கணவர் கைது: தலைப்பில் என்ன தவறு?

கயல்: ஏஜென்சி அனுப்பிய ஆங்கிலத் தலைப்பு, 'மேன் ஹெல்டு ஃபார் வைஃப்ஸ் மர்டர்'. ஒரு பத்தி அகலம், ஒரே வரி. 'மனைவியைக் கொன்ற கணவர் கைது' என்று கொடுத்தேன். ஆசிரியர் அடித்துவிட்டார். இடத்துக்குள் அடங்கும் தலைப்பில் என்ன குறை?

பழைய மேசை: 'கொன்ற' என்பதுதான் குறை. அந்தப் பெயரெச்சம் கொலையை அவர் தலையில் கட்டி முடித்துவிட்டது. ஆங்கிலத் தலைப்பு கைதை மட்டுமே சொல்கிறது. இடத்தையும் காரணமாகச் சொல்ல முடியாது. எழுத்தை எண்ணாதீர்கள், அச்சில் அது அடைக்கும் இடத்தை எண்ணுங்கள். 'கொ' ஓர் எழுத்துதான், ஆனால் கொம்பு, க, கால் என்று மூன்று இடம் பிடிக்கும். இப்படி எண்ணினால் உங்கள் தலைப்பு இடைவெளியோடு 22 இடம். 'மனைவி கொலை: கணவர் கைது' 20 இடம்தான்.

வேல்: இதை ஏற்கமாட்டேன். கொலையையும் கைதையும் முக்காற்புள்ளியால் ஒட்டினால் வாசகர் நடுவில் 'அவர்தான் கொன்றார்' என்று தானாகவே நிரப்பிக்கொள்வார். அதற்கு நேராகவே சொல்லிவிடலாம். அவர் வாக்குமூலமும் கொடுத்திருந்தால் தயக்கம் எதற்கு?

பழைய மேசை: வாசகர் ஊகிப்பது வேறு, நாம் அச்சிடுவது வேறு. நாளை அவர் விடுதலையானால் முதல் தலைப்பு பொய்யாகிவிடும், இரண்டாவது அப்படியே நிற்கும். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலை அவருக்கு எதிரான சாட்சியாக நீதிமன்றமே ஏற்காது. நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்? ஆனால் ஒட்டுவது பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கயலின் தலைப்பைவிட மூன்று இடம் கூடக் கிடைத்தால் நான் 'மனைவி கொலை வழக்கில் கணவர் கைது' என்றுதான் போடுவேன்.

வானொலிக்காரி: எங்களுக்கு முக்காற்புள்ளி உதவாது, அது காதில் விழாது. 'கொலை வழக்கில்' என்று முழுதாகத்தான் வாசிப்போம். என்னை உறுத்துவது வேறு. இதே செய்தியில் கூலித் தொழிலாளி என்றால் 'கணவன்', மருத்துவர் என்றால் 'கணவர்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே அகலம். இடத்துக்காகச் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது.

வேல்: அதை ஒப்புக்கொள்கிறேன். 'கைதானான்', 'கைதானார்' என்று வினையில் முடித்தாலும் அதே சிக்கல்தான். 'கைது' என்று பெயரில் நிறுத்தினால் அந்த விகுதியாவது தப்பும்.

கயல்: பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை. அப்படியானால் 'கொலை' என்பதே சரிதானா? 'மனைவி மரணம்: கணவர் கைது' என்று மாற்றலாமா?

பழைய மேசை: வழக்கு எப்படிப் பதிவானது என்று பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 103 என்றால் அது கொலை வழக்கு. 'கொலை வழக்கில்' என்பது அப்போது உண்மை, 'மனைவி கொலை' என்று தனியே நிறுத்துவதற்கு அறிக்கை வேண்டும். சந்தேக மரணம் என்று மட்டும் பதிவாகியிருந்தால் 'மரணம்' போடுங்கள்.

வானொலிக்காரி: 'மரணம்' என்றால் எதற்காகக் கைது என்று கேட்பவருக்குப் புரியாதே. நான் 'மர்ம மரணம்' என்பேன்.

பழைய மேசை: 'மர்ம' வேண்டாம். திகில் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

வானொலிக்காரி: 'சந்தேக' என்பதில் மட்டும் இல்லையா?