கலைச்சொல் வேண்டும்: ஏஏசி பிளாக் (வெள்ளிக்குள்)

மாலதி:
வணக்கம். கொத்தனார் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுமை தாங்காத தடுப்புச் சுவருக்கு எந்தக் கல் என்பது ஒரு பாடம். செங்கல்லில் சிக்கல் இல்லை. ஹாலோ பிளாக்குக்குப் ‘புழைக்கல்’ என்று போட்டுவிட்டேன். ஏஏசி பிளாக்கை ‘வளியேற்றிய கற்காரைக் கட்டி’ என்றேன், வகுப்பே சிரித்தது.

இராமையா:
செங்கல்லில் சிக்கல் இல்லையா? அகநானூற்றில் ‘இட்டிகை நெடுஞ்சுவர்’ இருக்கிறதே அம்மா. வடசொல் என்பார்கள், ‘இடு’ என்ற வேரிலிருந்து வந்தது என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு ‘நுரைக்கல்’ போதும்.

அன்வர்:
நுரைக்கல் வேண்டாம் ஐயா. நுரையைத் தனியே அடித்துக் கலக்கிற கல் வேறு, சைட்டில் அதைச் சிஎல்சி என்போம். ‘வளியேற்றிய’ என்பதும் சரியில்லை, யாரும் காற்றை ஏற்றுவதில்லை. சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலவையில் கொஞ்சம் அலுமினியப் பொடி சேர்ந்ததும் உள்ளேயே ஹைட்ரஜன் கிளம்பி, இட்லி மாவு மாதிரிப் பொங்கும். பிறகு அறுத்து, அழுத்த நீராவியில் வேகவைப்பார்கள். ‘பொங்குகல்’ எப்படி?

பாடத்தில் எடையையும் சொல்லுங்கள். மாடியில், அடியில் பீம் இல்லாத இடத்தில் 10 அடிக்கு 10 அடி தடுப்பு எழுப்புகிறோம் என்று வையுங்கள். நாலரை இன்ச் செங்கல் சுவர் பூச்சில்லாமலே 2 டன் வரும். 4 இன்ச் புழைக்கல் என்றால் அதில் முக்கால் பங்குகூட வராது. ஏஏசி சுமார் 600 கிலோதான். கல்லைத் தேர்வதே அந்த இடத்தில் தளம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துத்தான்.

தேவகி:
எங்கள் வீட்டில் அந்தக் கல்தான். தூணை ஒட்டி மேலிருந்து கீழ்வரை நகம் நுழைகிற விரிசல். கொத்தனார் ராத்திரி முழுக்கக் கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டார். சமையலறை அலமாரி ஆணியோடு கழன்று வந்துவிட்டது. ‘விரிசற்கல்’ என்றே வையுங்கள்!

அன்வர்:
செங்கல்லைத்தான் ஊறப்போடணும் அக்கா. இந்தக் கல் ஊறினால், கட்டிய பிறகு காயக் காயச் சுருங்கும். மேலே லேசாக ஈரம் பண்ணினால் போதும். தூணும் சுவரும் சேருகிற இடத்தில் பூச்சுக்கு முன்னால் வலை அடித்திருக்கணும், அடித்தார்களா? ஆணியும் இதில் பிடிக்காது, இதற்கென்றே இருக்கிற பிளக் போடணும். புழைக்கல்லிலும் ஓட்டையில் மாட்டினால் இதே கதைதான். அலமாரி மாட்டத் தோதானது செங்கல்தான்.

இராமையா:
‘பொங்குகல்’ வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். சுவர் எழுப்பிய பிறகும் பொங்குமா?

மாலதி:
ஐயா, ‘சுடுசோறு’ தட்டில் வந்த பிறகும் அடுப்பிலா இருக்கிறது? மூன்று பேர் பொங்குகல்லுக்குச் சரி என்றுவிட்டார்கள். பக்கத்திலேயே ஏஏசி பிளாக் என்றும் போடுகிறேன், கடையில் கேட்டு வாங்க வேண்டுமே.

தேவகி:
வலை எதுவும் அடித்த ஞாபகம் இல்லை. இப்போது பூச்சை உடைத்துவிட்டு அடிக்கலாமா?

இராமையா:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இட்டிகை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.