கரையில் ‘ரிப்பீட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்விழி, ஆரணி

வணக்கம். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் பழைய பட்டுப்புடவைகளின் கரைகளைக் குறித்து வருகிறேன். கரையின் பெயர், ஜரிகை எங்கே வருகிறது, குறுக்கே போகும் ஊடை இழை எத்தனை என்று தமிழிலேயே எழுதுகிறேன். ஒரு கட்டத்தில் மட்டும் ‘ரிப்பீட்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. உரு எத்தனை ஊடைக்கு ஒருமுறை மீண்டும் தொடங்குகிறது என்பதைச் சொல்லும் எண் அது. அதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

இந்த எண் தவறினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். பாட்டியின் புடவையில் ருத்ராட்சம் ஒரு வரிசை, அதன் ஓரமாக ஏறி இறங்கும் நெளிவாக வங்கி ஒரு வரிசை. அப்பா பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். ஒரு ருத்ராட்சத்துக்கு 24 ஊடை. அதைக் கிராஃப் தாளில் போட்டு, ஊடைக்கு ஓர் அட்டையாக 24 அட்டை குத்தி ஜக்கார்டு பெட்டியில் மாட்டினோம். ருத்ராட்சம் அப்படியே வந்தது. வங்கியோ ஒவ்வொரு ருத்ராட்சம் முடியும் இடத்திலும் உச்சியிலிருந்து சட்டென்று அடிக்குத் தாவியது. இரண்டு முழம் நெய்த பிறகுதான் கவனித்தோம்.

ரேவதி, வேலூர்

கயல், இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புட்டா! எங்கள் அம்மாவின் கல்யாணப் புடவை உடம்பு முழுக்க மாங்காய் புட்டா, அதே மாங்காய் திரும்பத் திரும்ப வரும். அந்தப் புடவையில் இப்போது ஜரிகை கறுத்துவிட்டது. அதைத் துலக்க வழி தெரிந்தால் யாராவது சொல்லுங்கள்.

சண்முகம், வேலூர்

புட்டா என்பது உருவின் பெயர். கயல்விழி கேட்பது உரு திரும்பி வரும் இடைவெளியின் பெயர். அம்மாவின் புடவையிலும் ஒரு மாங்காயிலிருந்து அடுத்த மாங்காய் வரை உள்ள வெற்றிடமும் சேர்ந்துதான் அந்த இடைவெளி.

நான் ‘மடக்கு’ என்ற சொல்லைச் சொல்வேன். செய்யுளில் வந்த சொல்லே வேறு பொருளில் மீண்டும் வருவதை மடக்கணி என்கிறோம். கணக்கில் மடங்கு இருக்கிறது. கயல்விழி வீட்டுச் சிக்கலுக்கும் அது பொருந்துகிறது. வங்கிக்கு எத்தனை ஊடை?

கயல்விழி

வங்கி ஏறி இறங்க 16 ஊடை, ஐயா.

சண்முகம்

அப்படியென்றால் 24 ஊடையில் வங்கி ஒன்றரை தரம் வந்து, பாதியில் நிற்கும். அட்டை முதலிலிருந்து தொடங்கும்போது வங்கியும் அடியிலிருந்து தொடங்கும். தாவல் அங்கேதான். 24-க்கும் 16-க்கும் மீச்சிறு பொது மடங்கு 48. ருத்ராட்சம் இரண்டு, வங்கி மூன்று. 48 அட்டை இருந்தால் இரண்டும் ஒரே ஊடையில் முடியும். அதனால் ‘மடக்கு 48’ என்று எழுதலாம்.

தணிகாசலம், குடியாத்தம்

எங்கள் ஊரில் கைலி நெய்கிறோம், பட்டு இல்லை. அங்கேயும் இதே சமாச்சாரம் உண்டு. கட்டம் போட்ட கைலிக்குப் பாவு ஓட்டும்போது நீலம் இத்தனை இழை, வெள்ளை இத்தனை இழை என்று ஒரு வரிசை உண்டு. அது முடிந்ததும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எங்களுக்கு அது அகலத்தில், உங்களுக்கு நீளத்தில். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது.

என் யோசனை ‘சுற்று’. அட்டை மாலை ஒரு சுற்று வந்தால் உரு ஒரு தரம் முடிந்துவிட்டது. எத்தனை அட்டையோ அத்தனைதான் கணக்கு.

ஏகாம்பரம், ஆரணி

தணிகாசலம் சொன்னது முக்கால்வாசி சரி. அட்டை கொஞ்சமாக இருந்தால் மாலை சரியாகத் தொங்காது, சுற்றும்போது துள்ளும். அதனால் அதே உருவை இரண்டு தரம் குத்திக் கோப்போம். 48-க்கு 96 அட்டை தொங்கும். வாங்கிப்போகிறவர் அட்டையை எண்ணி உரு 96 என்று எழுதிக்கொண்டால், அடுத்த வீட்டில் கிராஃப் தாள் வீணாய் இரட்டிப்பாகும். எனவே சுற்று வேண்டாம்.

மடக்கிலும் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. துணியை மடக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும். இரண்டு அன்னம் எதிரெதிராக நிற்கும் கரைக்குப் பாதி உருவைத்தான் தாளில் போடுவோம். மறு பாதி திருப்பிக் கட்டிய நூலால் வந்துவிடும். மடக்கு என்ற சொல்லை நான் அதற்குத்தான் வைப்பேன். ரிப்பீட்டில் அன்னம் திரும்பிப் பார்க்காது, அதே பக்கம் பார்த்தபடி வரிசையாகப் போகும்.

கயல், இன்னொன்று. பாட்டி புடவையில் அங்குலத்துக்கு எத்தனை ஊடை? இப்போது நெய்வதில் எத்தனை?

கயல்விழி

அதில் 72. இப்போது 60.

ஏகாம்பரம்

அதைத்தான் எதிர்பார்த்தேன். 24 ஊடை அந்தப் புடவையில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது அது 0.4 அங்குலம். ருத்ராட்சம் முட்டை மாதிரி நீண்டிருக்குமே, பார்த்தீர்களா?

உருவைக் குறைக்க வேண்டும். நேர்க்கணக்கில் ருத்ராட்சத்துக்கு 20 ஊடை, வங்கிக்கு 13-க்குக் கொஞ்சம் மேலே. 13 என்று வைத்தால் இரண்டும் ஒன்றாக முடிய 260 அட்டை வேண்டும். அதோடு 13 ஒற்றை எண், வங்கி முனையில் இரண்டு ஊடை ஒரே மாதிரி விழுந்து முனை மழுங்கிவிடும். சிலர் அட்டையைக் குறைக்க வங்கியை 12 ஆக்குவார்கள். 60 அட்டையில் முடியும், ஆனால் மூன்று ருத்ராட்சத்துக்கு ஐந்து வங்கி என்றாகிவிடும். அடுத்தவர் அதைப் பார்த்து நெய்வார், அதுவே பழைய கரை என்று சொல்வார். இப்படித்தான் கரை கைமாறும்போது ஆள் மாறிவிடுகிறது.

நான் செய்தால் ருத்ராட்சம் 21, வங்கி 14. இரண்டுக்கு மூன்று என்ற பழைய கணக்கு அப்படியே நிற்கும், 42-ல் முடியும். ருத்ராட்சம் 0.35 அங்குலம் வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

என் தாத்தா காலத்தில் அட்டை கிடையாது, அடைதான். உரு முழுக்க நூல் முடிச்சில் இருக்கும், கூட ஒருவர் உட்கார்ந்து இழுப்பார். அதைத் தாளில் யாரும் எழுதி வைக்கவில்லை. கயல் எழுதும்போது ஊடைக் கணக்கோடு இந்த விகிதத்தையும் எழுதட்டும்.

கயல்விழி

முட்டை மாதிரிதான் வந்தது, அண்ணா. நூலின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 21-க்கும் 14-க்கும் தாள் போட ஆரம்பித்துவிட்டேன்.

சொல்லைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். எந்தச் சொல்லையும் காட்டாமல், ‘இதை எப்படிக் கேப்பீங்க?’ என்றேன். ‘எத்தன ஊடையில மறுபடி வருது’ என்றார். அந்த ‘மறுபடி’யையே பெயராக வைத்தால் என்ன? ‘மறுபடி 42, ருத்ராட்சம் 2, வங்கி 3’ என்று எழுதலாம். படி என்றால் நகல் என்றும் பொருள் உண்டு.

சண்முகம்

மடக்கை எதிரெதிர் உருவுக்கு விட்டுவிடுகிறேன், ஏகாம்பரம் சொல்வது நியாயம். ஆனால் மறுபடி தயக்கமாக இருக்கிறது. ‘இந்தக் கரையில் மறுபடி மறுபடி வரும்’ என்று எழுதினால் எது பெயர், எது வினையடை? ‘மீள்வு’ என்று வைத்தால் குழப்பம் இல்லை.

தணிகாசலம்

மீள்வு என்று தறியில் யாரும் கூப்பிட மாட்டார்கள். மறுபடிக்கு என் வாக்கு. பாவு பக்கம் ‘பாவு மறுபடி’, உங்கள் பக்கம் ‘ஊடை மறுபடி’.

ஏகாம்பரம்

இரண்டையும் என் பேரனிடம் சொல்லிப் பார்த்தேன். மறுபடி என்றதும் ‘மறுபடி என்ன?’ என்று கேட்டான். மீள்வு என்றதும் ஒன்றும் கேட்கவில்லை. எது நல்லது என்று தெரியவில்லை. புதுத் தாளை நெய்து பார்த்துவிட்டு வா, கயல், வங்கி முனை சரியாக விழுகிறதா என்று முதலில் பார்ப்போம்.