பின்னேர அமைதியில் கோச்சிங் வைத்தால் தமிழ்க் கியூ மட்டும் விழுகிறது, என்ன செய்யலாம்?

மூன்றாம்மாடி

வணக்கம். ராஜகிரியவில் ஒரு கோல் சென்டரில் டீம் லீடராக இருக்கிறேன். இணைய இணைப்பின் பில், பழுது முறைப்பாடு, இரண்டும் எங்களுக்குத்தான் வரும். இந்த மாதம் எல்லா ஏஜென்டுகளுக்கும் தனித்தனிக் கோச்சிங்கும், புதிய பில் வடிவம் பற்றி அரை மணி நேர ரிஃப்ரெஷரும் முடிக்க வேண்டும். மேலதிக நேரத்துக்குக் காசு இல்லை. மதியச் சாப்பாட்டு நெரிசல் முடிந்து 2.30க்குப் பிறகு ஃப்ளோர் அமைதியாகிவிடும், அப்போது செய்யுங்கள் என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

2.30க்கு சிங்களக் கியூவில் 22 பேர் இருப்பார்கள், அரை மணிக்கு 100 கோல் மட்டில் வரும். தமிழில் 6 பேர், 20 கோல். இரண்டிலும் ஒரு கோலுக்குச் சராசரி நாலரை நிமிடம் போகிறது. 80 வீதமான கோல்களை 20 செக்கனுக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் இலக்கு. ஆங்கிலம் வேறு டீம், அதை விடுங்கள்.

சிங்களத்தில் இரண்டு பேர், தமிழில் இரண்டு பேர் என்று நாலு பேரை எடுத்தோம். சிங்களத்தில் ஒன்றும் ஆகவில்லை. தமிழ் அந்த அரை மணிக்குள் 50 வீதத்துக்கு வந்துவிடுகிறது, ஆட்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் இசை கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனைக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அந்த நேரத்தில் அதிகம் வேலை செய்வது சிங்களப் பக்கம்தான், தமிழ் ஆட்கள் பாதி நேரம் சும்மா இருக்கிறார்கள். "சும்மா இருக்கிறவர்களை ஏன் எடுக்க முடியாது?" என்று மனேஜர் கேட்கிறார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

தெகிவளைக்காரன்

அரை மணி அதிகம். 15 நிமிடமாக உடையுங்கள், பிரச்சினை பாதியாகும்.

அப்புறம், எப்படியும் அது அமைதியான நேரம்தானே. வருவதே 20 கோல். நாள் முழுக்கத் தமிழில் எத்தனை வரும்? 350, 360? அரை மணி விழுந்தாலும் நாள் கணக்கில் தெரியாது. எங்களிடம் நாள் முடிவில் வரும் ஒரு எண்ணைத்தான் பார்ப்பார்கள், அது பச்சையாக இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சாட்பொக்ஸ்

நாங்கள் இதை இலகுவாகச் சமாளித்தோம். ட்ரெயினிங் நேரத்தில் ஈமெயில்களைக் கியூவிலேயே விட்டுவிட்டு, முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடுவோம். சாட்டில் ஒருவர் மூன்று பேரோடு கதைக்கலாம் என்பதால் அங்கும் பிரச்சினை வரவில்லை. முன்கூட்டியே திட்டமிட்டால் சரி.

மூன்றாம்மாடி

நன்றி, ஆனால் எங்களுக்கு ஈமெயிலும் இல்லை, சாட்டும் இல்லை. வருவதெல்லாம் கோல்தான், அதை மாலைக்கு ஒத்தி வைக்க முடியாது.

@தெகிவளைக்காரன், நாளுக்கு 360 மட்டில்தான் வரும். தமிழ் நாள் கணக்கு 88க்குப் பக்கத்தில் நிற்கும்.

ரோஸ்டர்ராணி

தங்கச்சி, உங்கள் மனேஜரின் கேள்விக்கான பதில் கியூவில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. சின்னக் கியூவில் ஆட்கள் சும்மா இருப்பது வீணாகப் போகும் நேரம் இல்லை. கோல் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வராது, மூன்று நாலு சேர்ந்து வந்து விழும். அப்படி விழும்போது கையில் யாராவது இருக்க வேண்டும். 22 பேர் உள்ள இடத்தில் யாராவது ஒருவர் எப்படியும் அப்போதுதான் கோலை முடித்திருப்பார். 6 பேரில் அந்த அதிர்ஷ்டம் குறைவு.

உங்கள் எண்களைக் கியூவின் காத்திருப்பைக் கணிக்கும் எர்லாங் சி கணக்கில் போட்டுப் பார்த்தேன். தமிழில் 20 கோல், நாலரை நிமிடம் என்றால் சராசரியாக எந்த நேரத்திலும் மூன்று பேர் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். 6 பேர் இருந்தால் 92 வீதம் வரும். ஒருவரை எடுத்து 5 ஆக்கினால் 80, மட்டுமட்டாக இலக்கு. இன்னொருவரையும் எடுத்தால் 70 வரும் என்று நினைப்பீர்கள், வருவது 53. சராசரிக் காத்திருப்பும் 9 செக்கனிலிருந்து 32, அங்கிருந்து 137 என்று ஏறும். நீங்கள் ஃப்ளோரில் பார்த்தது இதுதான்.

சிங்களத்தில் 100 கோலுக்குச் சராசரியாக 15 பேர் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். 22 பேரில் 96 வீதம், மூன்று பேரை எடுத்து 19 ஆக்கினாலும் 82. நாலாவது ஆளை எடுத்தால்தான் 71க்கு விழும். ஆக உங்கள் ஃப்ளோரில் அந்த நேரத்தில் நாலு பேரை எடுக்க இடம் இருந்தது உண்மை. அது சிங்களத்தில் மூன்று, தமிழில் ஒன்று என்று பிரிந்து கிடந்தது. மொத்த எண்ணைப் பார்த்து எடுத்ததால்தான் இடித்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கணக்கில் யாரும் போனை வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். நிஜத்தில் சிலர் வெட்டிவிடுவார்கள், அதனால் உங்கள் காத்திருப்பு நான் சொன்ன 137 அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் வெட்டியவர்களில் சிலர் பத்து நிமிடத்தில் திரும்ப எடுப்பார்கள். அது அடுத்த அரை மணியின் தலையில் விழும்.

@தெகிவளைக்காரன் சொன்னதில் பாதி சரி. நாள் கணக்கில் ஒரு அரை மணி விழுந்தால் போவது 8 கோல் மட்டில், 360ல் அது 2 புள்ளி. 88 என்பது 86 ஆகும், தாங்கும். தினமும் இப்படி இரண்டு முறை செய்தால் 84க்குப் பக்கத்தில் வந்துவிடும், ஒரு மழை நாள் அதன் மேல் வந்தால் முடிந்தது. அதற்கு முன் உங்கள் கிளையன்ட் ஒப்பந்தத்தில் எதை அளக்கிறார்கள் என்று பாருங்கள். நாள் கணக்கா, அரை மணிக் கணக்கா, மொழி வாரியாகவா? மொழி வாரியாக அரை மணிக் கணக்கு என்றால் தெகிவளைக்காரனின் வாதம் நிற்காது.

15 நிமிடமாக உடைப்பது வேறு கதை. இரண்டு பேரை 15 நிமிடம் எடுத்தாலும் அந்த 15 நிமிடம் 4 பேர்தான். சேர்ந்த கூட்டம் அவர்கள் திரும்பி வந்த நொடியில் கரையாது. உடைத்தால், இரண்டு பேரையும் ஒன்றாக விடாமல் ஒருவர் பின் ஒருவராக விடுங்கள், அதில்தான் லாபம்.

தெகிவளைக்காரன்

கணக்குச் சரிதான் அக்கா, ஆனால் ஒருவர் ஒருவராக விட்டால் ஆறு பேருக்கு இந்த மாதம் முடியுமா? வெள்ளிக்கிழமையையும் சேருங்கள். எங்கள் தமிழ் டீமில் பாதிப்பேர் ஜும்ஆவுக்குப் போவார்கள், அவர்கள் வரும்வரை மற்றவர்களின் சாப்பாட்டு பிரேக் தள்ளிப் போகும், 2.30க்கு அமைதி என்பதே அன்றைக்குக் கிடையாது.

ரோஸ்டர்ராணி

வெள்ளியை விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் பில் போகும் நாட்களையும்.

தங்கச்சி, அந்த 22 பேரில் தமிழும் வடிவாகக் கதைக்கக் கூடியவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் ஒருவரின் ஸ்கில்லை அந்த அரை மணிக்கு மட்டும் மாற்றித் தமிழை முதலாக வையுங்கள். அப்போது தமிழில் 7 பேர், இரண்டு பேரை எடுத்தாலும் 5. சிங்களத்தில் 21, அங்கேயும் இரண்டு பேரை எடுத்து 19. எடுப்பது அதே நாலு பேர்தான், இலக்கையும் பிடிக்கலாம். இரண்டு பக்கமும் விளிம்பில் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். யாராவது சுகமில்லை என்று வராத நாளில் தொடங்கக் கூடாது.

ஹெட்செட்

நான் ஏஜென்ட். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். கோச்சிங்கில் உட்கார்ந்து என் கோல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்போம், எங்கே பிழைத்தது என்று டீம் லீடர் சொல்லத் தொடங்குகிற நேரம் "கியூ கூடிவிட்டது, ஓடு" என்பார்கள். மிச்சம் அடுத்த கிழமை. அடுத்த கிழமை அந்தக் கோல் அவருக்கும் ஞாபகம் இருக்காது, எனக்கும் இருக்காது. இப்படி என் கோச்சிங் மூன்று முறை அரைகுறையாக நின்றது. போனை "நொட் ரெடி"யில் போட்டுவிட்டு உட்கார்ந்ததால் என் மாத மதிப்பெண்ணிலும் வெட்டினார்கள்.

ரோஸ்டர்ராணி

இது முக்கியம். கோச்சிங்கையும் ரிஃப்ரெஷரையும் ஒரே பையில் போடாதீர்கள். பில் ரிஃப்ரெஷரைப் பத்து நிமிடத் துண்டுகளாகச் செய்தால் நடுவில் கூப்பிடலாம், திரும்ப வந்து தொடரலாம். தனிக் கோச்சிங்கை அப்படி வெட்ட முடியாது. அதைத் தொடங்கினால் முடிக்க விட வேண்டும். ஆகவே திருப்பிக் கூப்பிடும் முடிவைத் தொடங்குவதற்கு முன்னாலேயே எடுங்கள். 2.25க்கு மூன்று விஷயம் பார்த்தால் போதும்: வர வேண்டியவர்கள் எல்லோரும் இருக்கைக்கு வந்துவிட்டார்களா, கடந்த அரை மணியில் வந்த கோல் எதிர்பார்த்த அளவா, ஒரு கோலுக்குப் போகும் ஹேண்டில் டைம் வழமையா. மூன்றும் சரி என்றால் விடுங்கள், பிறகு கை வைக்காதீர்கள்.

கோச்சிங்குக்கு சிஸ்டத்தில் தனிக் காரணக் குறியீடு கேளுங்கள். வெறும் நொட் ரெடியில் போட்டால் ஏஜென்டுக்கும் அநியாயம், மாதக் கடைசியில் எத்தனை மணி நேரம் கோச்சிங்குக்குப் போனது என்றும் யாருக்கும் தெரியாது.

மூன்றாம்மாடி

ஒரு கிழமை செய்து பார்த்தோம். மும்மொழியும் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவரைத் தமிழுக்கு மாற்றி இரண்டு இரண்டு பேராக எடுத்தோம். திங்கள், செவ்வாய், புதன் தமிழ் 80ஐச் சுற்றி நின்றது. வியாழன் இடி மழை, அன்று 50க்குக் கீழே போய்விட்டது. கோல் எண்ணிக்கை கூடவே இல்லை, அதே 20தான். அதுதான் விளங்கவில்லை.

ரோஸ்டர்ராணி

ஹேண்டில் டைமைப் பாருங்கள். மழை நாளில் பில் கேள்வி குறைந்து பழுது முறைப்பாடு கூடியிருக்கும். ரவுட்டரை அணை, போடு, எந்த விளக்கு எரிகிறது என்று ஒவ்வொரு கோலும் இழுபடும். 20 கோல் ஆறு நிமிடமாகப் போனால் 5 பேருக்கு 48 வீதம்தான் வரும். எல்லோரையும் வைத்திருந்து 6 பேராக நின்றாலும் 75ஐத் தொடாது. அன்றைக்கு யாரையும் எடுத்திருக்கக் கூடாது.

இன்னொரு சங்கதி. பில் ரிஃப்ரெஷர் முடிந்த முதல் சில நாட்களும் ஹேண்டில் டைம் ஏறும், புதிய விளக்கத்தைத் திரையில் தேடித் தேடித்தான் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே கிழமையில் கொடுத்தால் உங்கள் 2.30 அமைதியை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

மூன்றாம்மாடி

பார்த்தேன் அக்கா, வியாழன் பின்னேரம் தமிழில் 5 நிமிடம் 50 செக்கன். இனி 2.25க்கு அதையும் பார்க்கிறோம். ஒப்பந்தத்தைப் பற்றி மனேஜரிடம் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்போது புதுச் சிக்கல். அந்த மூன்று பேரும் ஒவ்வொரு நாளும் மற்றவர்களுக்காகத் தமிழுக்கு மாறுகிறார்கள், அவர்களுக்குக் கோச்சிங் எப்போது என்று கேட்கிறார்கள். மொழிக்காக மேலதிகக் கொடுப்பனவும் கிடையாது.

ரோஸ்டர்ராணி

கொடுப்பனவு கேளுங்கள், கேட்பது நியாயம். கோச்சிங்குக்கு உங்கள் பின்னேர ஷிஃப்ட் எத்தனை மணிக்கு வருகிறது? காலை ஷிஃப்ட் போவதற்கு முன் இரண்டும் சேர்ந்து நிற்கும் நேரம் இருந்தால், அவர்களை அதில் ஒவ்வொருவராக வையுங்கள்.

தெகிவளைக்காரன்

அந்த நேரத்தில்தான் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். எங்களிடம் அது ஒரு நாளும் சரிவரவில்லை.

மூன்றாம்மாடி

4லிருந்து 5 வரை இரண்டு ஷிஃப்டும் இருக்கும். ஒருவரை 4.15க்கு வைத்துப் பார்க்கிறேன், பின்னேர ஷிஃப்ட் ஆட்கள் பிந்தி வராவிட்டால்.