மகள்ட நட்சத்திரம் ரோகிணியா, மிருகசீரிடமா? ஆவணிப் பிறந்தநாளை எந்த நாளில செய்யிற?

கல்லடி அம்மா:
வணக்கம். மகள் பிறந்தது 2001 செப்டெம்பர் 10, திங்கட்கிழமை இரவு 11.05, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில. அப்ப ஐயா எழுதித் தந்த குறிப்பில ஆவணி 25, ரோகிணி எண்டு கிடக்கு. இப்ப ஃபோன் ஆப்பில அதே நேரத்தைப் போட்டா மிருகசீரிடம் எண்டு வருது. போன வருசம் ரோகிணி எண்டு வச்சு ஓகஸ்ட் 17 மாமாங்கத்தில அர்ச்சனை செய்தம். மறுகா மாமி சொல்றா, அது பிழை, செப்டெம்பரிலதான் செய்திருக்கணுமாம். வாற ஆவணிக்கு என்ன செய்யிற?

களுவாஞ்சி ரவி:
அக்கா, மாமி சொன்னது சரி. தமிழ் மாசம் 31 நாள் வரும், நட்சத்திரம் 27 நாளில திரும்பி வந்திரும். அதால மாசத்துத் துவக்கத்தில வந்தது கடைசியில இன்னொருக்கா வரும். ரெண்டு வந்தா பிந்தினதைத்தான் எடுக்கிற. போன வருசம் ரோகிணி துவங்கினது செப்டெம்பர் 13, அண்டைக்குத்தான் செய்திருக்கணும். ஆப் சொல்ற நட்சத்திரத்தை விட்டிராதீங்க, கம்பியூட்டர் கணக்குப் பிழைக்காது.

திருக்கோவில் பெரியவர்:
தம்பி ரவி, பிந்தினது எண்டது சரி, 13 எண்டதுதான் இடிக்குது. திருக்கணிதப்படி 13ந் திகதி விடியக்க கார்த்திகை நிண்டது. காலை பத்து மணிக்குப் பிறகுதான் ரோகிணி. அடுத்த நாள், 14 ஞாயிறு, சூரியன் உதிக்கக்க ரோகிணி இருந்தது, எட்டரை மணி தாண்டும் வரைக்கும். பிறந்தநாளுக்கு உதயத்தில நிக்கிற நட்சத்திரத்தைப் பார்க்கிறதுதான் எங்கட பக்கத்து வழக்கம். அண்டைக்கு உதயத்துக்குப் பிறகு ஏழு நாழிகைக்குக் கிட்ட இருந்தது. ஆறு நாழிகை போதும் எண்டுறவர் 14ஐ ஒத்துக்கொள்ளுவார். இன்னும் கூட வேணும் எண்டுற ஐயாமாரும் இருக்கினம், அவையள் 13ஐத்தான் சொல்லுவினம். அதில நான் தீர்ப்புச் சொல்ல மாட்டன், உங்கட கோயில் ஐயாட்டக் கேளுங்க.

பெரிய விசயம் ஆப்தான். பிள்ளை பிறந்த நேரம் எந்த மணிக்கூட்டு நேரம்? 1996 மே மாசம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்க. அந்த ஒக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தாங்க. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் அப்படியே கிடந்தது. 2001இல ஆஸ்பத்திரி மணிக்கூடு 11.05 காட்டினா, பழைய கணக்குக்கு அது 10.35. அண்டைக்கு ரோகிணி முடிஞ்சது பழைய நேரத்தில 10.50 போல. ஆப் GMT +5:30 எண்டு எடுத்து 11.05ஐ அப்படியே போட்டிருக்கும், அதான் மிருகசீரிடத்துக்குப் போயிற்று. நேர வலயத்தை +6:00 எண்டு மாத்திப் பாருங்க.

கல்லடி அம்மா:
மாத்திப் பார்த்தன் ஐயா, ரோகிணி வந்திட்டு! பழைய குறிப்பு சரிதான். அப்ப இந்த வருசம்?

திருக்கோவில் பெரியவர்:
2026இல கரைச்சலே இல்லை. ஆவணிக்குள்ள ரோகிணி ஒருக்காத்தான், செப்டெம்பர் 4 வெள்ளி, ஆவணி 19. விடியிறதுக்கு முன்னமே துவங்கி இரவு வரைக்கும் நிக்குது. நான் சொல்றது திருக்கணிதம். உங்கட வீட்டில வாக்கியம் பார்க்கிற வழக்கமெண்டா அந்தப் பஞ்சாங்கத்தையும் ஒருக்காப் புரட்டுங்க, நட்சத்திரம் முடியிற நேரம் ரெண்டிலயும் மணிக்கணக்கில வித்தியாசப்படும். பிறந்த நட்சத்திரத்தை ஒண்டில பார்த்து, பிறந்தநாளை மற்றதில தேட ஒண்ணா.

அக்கரைப்பற்று சுதா:
எனக்கும் இதே குழப்பம். அப்பா மோசம் போனது மாசியில. திவசத்துக்கும் அவர்ட நட்சத்திரம் வாற நாளைத்தானே பார்க்கிற?

களுவாஞ்சி ரவி:
இல்லக்கா, திவசத்துக்குத் திதி. மாசியில வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதியில மோசம் போனார் எண்டு பாருங்க. பிறந்த நட்சத்திரத்தை அதுக்குள்ள கொண்டு வராதீங்க. பெரியவர் சொன்ன நேரக் கதை எனக்குப் புதுசு, நான் 2003. ஆனா என்ட குறிப்பில நேரம் மாத்தினாலும் நட்சத்திரம் மாறேல்ல.

திருக்கோவில் பெரியவர்:
மாறாதுதான். ஒரு நட்சத்திரம் ஒரு நாளளவு நிக்கும், அரை மணித்தியாலம் அதின்ட விளிம்பில விழுந்தாத்தான் பிழைக்கும். லக்கினம் மாறியிருக்கவும் கூடும், அதைப் பாரும்.

படுவான்கரைப் பொடியன்:
எனக்கு ஒரு சந்தேகம். நான் 1998இல கொக்கட்டிச்சோலைப் பக்கம், வீட்டில பிறந்தன். அப்ப ஆத்துக்கு அங்கால இயக்கத்திட இடம், பழைய நேரம்தான் பாவிச்சது. பிறப்புச் சான்றிதழ் பிறகு டவுணில பதிஞ்சது. அதில உள்ள நேரம் பழசா புதுசா எண்டு அம்மாக்கும் ஞாபகமில்லை.

திருக்கோவில் பெரியவர்:
முதல்ல ரெண்டு மாதிரியும் போட்டுப் பாரும். ஒரே நட்சத்திரம் வந்தா விட்டிரும்.

படுவான்கரைப் பொடியன்:
போட்டுட்டன் ஐயா. ஒண்டில பூரம், மற்றதில உத்தரம்.

திருக்கோவில் பெரியவர்:
அப்ப மருத்துவிச்சி வீட்டாரோ, அந்தக் கிழமை பிறந்த அயல் பிள்ளையள்ட குறிப்போ இருக்குதோ எண்டு விசாரிச்சுப் பாரும். அதுவும் கிடைக்காட்டி நட்சத்திரத்தைக் கணக்கால முடிவுசெய்ய வழியில்ல.