31 வெட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஒலி நகரவே இல்லை

வெட்டிஒட்டி

போன வாரம் நடந்தது. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

42 நிமிட நேர்காணல், நொடிக்கு 25 ஃபிரேம், பிரீமியர் ப்ரோவில் வேலை. V1-ல் படம், அதோடு இணைந்த கேமரா ஒலி A1-ல். பேசியவரின் காலர் மைக் தனி ரெக்கார்டரில் போனதால் அந்த ஒலியை A2-ல் போட்டுப் படத்தோடு பொருத்தி வைத்திருந்தேன். வெட்டும்போது A2-ஐ மியூட் செய்துவிட்டு, கேமரா ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டே போனேன்.

என் பழக்கம் இதுதான். L-ஐ இரண்டு முறை தட்டி இரட்டை வேகத்தில் கேட்பேன். தடுமாறுகிற இடம் வந்தால் K-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு J-ஐத் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னால் வந்து, மூச்சு எடுக்கிற இடத்தில் Ctrl+K. தடுமாற்றம் முடியும் இடத்தில் இன்னொரு Ctrl+K. நடுத்துண்டைக் க்ளிக் செய்து Shift+Delete. இடைவெளி மூட வேண்டும். முதல் வெட்டில் மூடவில்லை. இரண்டு மூன்று முறை முயன்றேன். எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது: A2-ன் தலைப்பகுதியில் உள்ள சிங்க் லாக் ஐகானை அணைத்தால் சரியாகும் என்று. அணைத்தேன். கச்சிதமாக மூடியது. அந்தச் சந்தோஷத்தில் 31 இடங்களை வெட்டித் தள்ளினேன்.

கடைசியில் A1-ஐ மியூட் செய்து A2-ஐத் திறந்தேன். முதல் வெட்டு வரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு உதடு ஒன்று பேசுகிறது, காது வேறொன்று கேட்கிறது. A2 முழு நீளத் துண்டாக, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. Ctrl+Z போட்டுப் பார்த்தேன், கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. ஹிஸ்டரியில் 32 படிதான் இருக்கும். என் ஒவ்வொரு வெட்டும் மூன்று படி. கணக்குப் போட்டால் பத்து வெட்டுக்கு மேல் திரும்பிப் போகவே முடியாது.

பழைய லேப்டாப்

மொபைலில் எடுத்த படமா? மொபைல் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், அதனால்தான் ஒலி விலகுகிறது. ஹேண்ட்பிரேக்கில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். எனக்கு நான்கு வீடியோவில் இதே தொல்லை.

வெட்டிஒட்டி

இல்லை நண்பரே, கேமராவில் எடுத்தது. வெட்டுவதற்கு முன் 42 நிமிடமும் சரியாகப் பொருந்தியிருந்தது.

ஃபிரேம்25

பழைய லேப்டாப் சொல்வதும் நடக்கிற விஷயம்தான், ஆனால் அதன் அடையாளம் வேறு. வேகம் ஏறி இறங்குகிற கோப்பில் ஒலி மெல்ல மெல்ல நழுவும். ஐந்தாம் நிமிடத்தில் தெரியாது, முப்பதாம் நிமிடத்தில் உறுத்தும். இவருக்கோ வெட்டுக்கு வெட்டு படியாகத் தாவியிருக்கிறது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் விலகல் மாறவே மாறாது. பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெட்டிஒட்டி, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் வெட்டில் இடைவெளி மூட மறுத்ததே, அதுதான் எச்சரிக்கை. A2-ல் ஒரே நீளத் துண்டு அந்த இடைவெளிக்குக் கீழே குறுக்கே கிடந்தது. மேலே உள்ளவை இடப்பக்கம் வந்தால் இதுவும் கூட வர வேண்டும், ஆனால் வர வழியில்லை. அதனால் மென்பொருள் கையை விரித்தது. சிங்க் லாக்கை அணைத்தது, ‘A2 எக்கேடு கெட்டால் என்ன, மற்றவை நகரட்டும்’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல.

கடைசிகட்

இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு? நான் ஒலி டிராக்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வெட்டுவேன். பூட்டு ஐகான் போட்டால் எந்த ஷார்ட்கட் அடித்தாலும் அந்த டிராக்குக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

ஃபிரேம்25

ஒன்றும் ஆகாது என்பதுதானே இங்கே பிரச்சினையே! A2-ஐப் பூட்டியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். படம் நகரும், பூட்டிய ஒலி நிற்கும். நீங்கள் பூட்டுவது பின்னணி இசையை என்று நினைக்கிறேன். இசை நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அதற்குப் பூட்டு பொருத்தம். பேச்சு படத்தோடு போக வேண்டும்.

கடைசிகட்

ஆமாம், இசைதான். பேச்சை நான் கேமராவிலேயே பதிவு செய்துவிடுவேன். சரி, அது வேறு.

வெட்டிஒட்டி

ஒன்று புரியவில்லை. ஒலி விலகினால் துண்டின் மேல் சிவப்பில் எண் காட்டுமே, எத்தனை ஃபிரேம் என்று. எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஃபிரேம்25

அந்த எண், இணைந்திருக்கும் படமும் ஒலியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் வருவது. V1-ம் A1-ம் சேர்ந்தே நகர்ந்தன, அவற்றுக்குள் விலகல் இல்லை. A2 யாரோடும் இணைக்கப்படாத தனி ஆள். அது யாரோடு பொருந்த வேண்டும் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

இப்போது சரிசெய்வது. A2 முழுசாக இருப்பது உண்மையில் நல்லது. படத்தில் செய்த ஒவ்வொரு வெட்டையும் A2-ல் மட்டும் திரும்பச் செய்யுங்கள். முன்னாலிருந்து பின்னால், வரிசையாக.

V1, A1 இரண்டுக்கும் பூட்டு. (கடைசிகட், உங்கள் பூட்டு இங்கே உதவுகிறது.) வேறு டிராக்குகள் இருந்தால் அவற்றுக்கும் போடுங்கள். முதல் வெட்டு எவ்வளவு நீளத்தை எடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். Down அம்புக்குறி அந்த வெட்டில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே படத்துக்கு F அடித்தால் மூலக் கோப்பு அதே ஃபிரேமில் திறக்கும், டைம்கோடைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபிரேம் பின்னால் வந்து மறுபடி F. உதாரணத்துக்கு, வெட்டுக்கு முந்தைய ஃபிரேம் 00:01:19:24, வெட்டுக்குப் பிந்தையது 00:01:22:00 என்றால், நடுவில் காணாமல் போனது 01:20:00 முதல் 01:21:24 வரை, அதாவது 50 ஃபிரேம். வித்தியாசத்தைக் கழித்தால் 51 வரும், அதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். இதை மறந்தால் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு ஃபிரேம் சேர்ந்து, 31-வது வெட்டில் ஒரு நொடிக்கு மேல் போய்விடும்.

பிறகு டைம்லைனில் அந்த வெட்டின் மேல் நின்று I. அதையும் சேர்த்து ஐம்பதாவது ஃபிரேமில் O. A2 மட்டும் டார்கெட்டில் இருக்கட்டும். ஒற்றை மேற்கோள் குறி விசையை அடித்தால் அந்தப் பகுதி எடுக்கப்பட்டு மீதி இடப்பக்கம் வந்து ஒட்டும். அடுத்த வெட்டுக்குப் போவதற்குள் A1, A2 இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே குரலாகக் கேட்டால் சரி. குழாய்க்குள் பேசுவது போலிருந்தால் ஒரு ஃபிரேம் அளவுக்கு விலகல், எதிரொலி தெளிவாகவே கேட்டால் அதைவிட அதிகம்.

இரவுப்பறவை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஷார்ட்கட் என்றதும் என் கதை நினைவுக்கு வந்தது. பல வருடம் பிரீமியரில் வெட்டிவிட்டு டாவின்சி ரிசால்வுக்கு மாறினேன். பிரீமியரில் வெறும் Delete அடித்தால் துண்டு போகும், இடைவெளி இருக்கும். ரிசால்வில் Delete இடைவெளியையும் மூடிவிடும், இடைவெளி வேண்டுமென்றால் Backspace. விரலுக்கு அது தெரியுமா? தாளத்துக்குப் பொருத்தி அடுக்கிய காட்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்று Delete அடித்தேன். பின்னால் இருந்தவை எல்லாம் ஒரு துண்டு அளவு முன்னால் வந்துவிட்டன. திரையில் தெரிந்த இடம் ஒழுங்காகவே இருந்ததால் அன்று கவனிக்கவே இல்லை.

அதைவிட வேடிக்கை, பிறகு மேக் லேப்டாப்பில் உட்கார்ந்தபோது நடந்தது. அதில் delete என்று எழுதியிருக்கும் விசை உண்மையில் Backspace வேலையைச் செய்கிறது. மூட வேண்டும் என்றால் Fn சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு வாரம் எதை அழுத்தினால் என்ன ஆகும் என்றே தெரியாமல் ஓட்டினேன்.

மௌனக்கேமரா

எனக்கு Q, W இரண்டும்தான் உயிர். Q அடித்தால் முந்தைய வெட்டிலிருந்து ப்ளேஹெட் வரை போய் இடைவெளியும் மூடிவிடும், W அடுத்த வெட்டு வரை. மூன்று அழுத்தல் ஒன்றாகிறது. ஆனால் ஒரு தடவை மேலே V2-ல் ஒரு தலைப்பு இருந்தது, அந்த டிராக்கும் டார்கெட்டில் இருந்தது. Q எடுத்தது அந்தத் தலைப்பின் ஓரம் வரைக்கும்தான், படத்தின் வெட்டு வரை போகவில்லை. டார்கெட் ஆன டிராக்குகளில் எது பக்கத்தில் இருக்கிறதோ அந்த ஓரம்தான் அதற்குக் கணக்கு.

இன்னொன்று, இதை நான் மட்டும் அனுபவித்திருக்க மாட்டேன். தமிழில் தலைப்பு தட்டிவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து Q அடித்தால் ஒன்றுமே நடக்காது. முதல் தடவை மென்பொருள் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடித் திறந்தேன். Ctrl சேர்ந்தவை சில சமயம் வேலை செய்யும், ஒற்றை எழுத்துகள் எனக்கு வேலை செய்ததே இல்லை.

பழைய லேப்டாப்

ஆமாம்! எனக்கும் J, K, L நின்றுபோனது அதனால்தானா? விசைப்பலகையையே மாற்றிவிட்டேனே.

கடைசிகட்

Q, W ஆபத்து. கண்ணால் பார்க்காத துண்டை எடுக்கிறது. வெட்டி, பார்த்து, அப்புறம் அழிப்பதுதான் நல்லது.

மௌனக்கேமரா

பார்க்காமல் அடிப்பவர்களுக்கு எல்லாமே ஆபத்துதான். நான் மணிக்கணக்கான பேச்சை வெட்டுகிறேன், ஒவ்வொரு தடவையும் க்ளிக் செய்ய என் மணிக்கட்டு இடம் கொடுக்காது.

ஃபிரேம்25

இதில் நான் யார் பக்கமும் இல்லை. பேச்சுக்கு Q, W. இசையும் தலைப்பும் ஏறிய பிறகு க்ளிக். என் பழக்கம் அவ்வளவுதான், அதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

வெட்டிஒட்டி

முடித்துவிட்டேன். 31-ல் 29 முதல் தடவையிலேயே சரியாக வந்தது. ஒன்றில் கழிக்க மறந்து ஒரு ஃபிரேம் கூடிப்போனது, அந்தக் குழாய்க் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். இன்னொன்று ஏன் மூன்று ஃபிரேம் தள்ளிப் போனது என்று இன்னும் தெரியவில்லை, காதால் கேட்டே நகர்த்தி வைத்தேன்.

அடுத்த நேர்காணலில் வெட்டத் தொடங்கும் முன்பே மூன்றையும் தேர்ந்தெடுத்து இணைத்துவிட்டேன். A2-ஐயும் டார்கெட்டில் வைத்திருக்கிறேன், Ctrl+K மூன்றையும் சேர்த்து வெட்டுகிறது, க்ளிக் செய்தால் மூன்றும் தேர்வாகின்றன. இடைவெளி மூடுகிறது, சிங்க் லாக்கைத் தொடவே இல்லை. வெட்டும்போது மியூட் செய்வதும் A2-ஐ அல்ல, A1-ஐத்தான்.

இரவுப்பறவை

அந்த மூன்று ஃபிரேம் இடத்தில் ஏதாவது டிரான்சிஷன் போட்டிருந்தீர்களா?

வெட்டிஒட்டி

இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இரவு திறந்து பார்த்துச் சொல்கிறேன்.