முறிவா முறிப்பா: 42 பக்கம் அச்சான எக்செல் தாளும் மூன்று கலைச்சொற்களும்

செல்வி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எக்செல் பற்றி ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அச்சிடும் பகுதியில் மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன். Print Area, Scaling, Page Break. முதலாவதற்கு "அச்சுப் பரப்பு", கடைசிக்குப் "பக்க முறிவு" என்று போட்டிருக்கிறேன். நடுவில் இருப்பதற்கு எதுவும் ஒட்டவில்லை.

எடுத்துக்காட்டு என்னுடைய தாளேதான். 13 நெடுவரிசை, 140 வரி, எழுத்தளவு 11, எல்லா நெடுவரிசையும் சேர்த்து அகலம் 30 செ.மீ. ஏ4 தாளில் நெட்டுவாக்கில் அச்சிட்டால் 42 பக்கம் வந்தது. முதல் மூன்று பக்கத்தில் இடது பாதி, அப்புறம் வெற்றுத்தாளாக ஒரு அடுக்கு, 22-ஆம் பக்கத்தில்தான் வலது பாதி தொடங்கியது.

மணி:

இதற்கெல்லாம் கலைச்சொல்லா? அச்சிடும் பெட்டியில் கீழே Fit Sheet on One Page என்று இருக்கும், அதை அழுத்தினால் எல்லாம் ஒரே பக்கத்துக்குள் வந்துவிடும், கதை முடிந்தது. சொல் வேண்டுமென்றால் "பக்க அடக்கல்" என்று வையுங்கள்.

பரணி:

மணி, அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னீர்களா? வழக்கமான 15 புள்ளி உயரத்தில் 140 வரி என்றால் 2100 புள்ளி. வழக்கமான ஓரம் போக ஏ4-இல் கிடைக்கும் உயரம் சுமார் 733 புள்ளி. ஆக 35 விழுக்காட்டுக்குச் சுருங்கும், 11 புள்ளி எழுத்து 4 புள்ளியை ஒட்டி வரும். உருப்பெருக்கி வைத்துத்தான் படிக்க வேண்டும். அதுவும் உங்கள் பொத்தான் வெற்று வரிகளையும் சேர்த்து அடக்கப் பார்க்கும், அப்போது இன்னும் பொடியாகும்.

செல்வி, 42-க்குக் காரணம் சுருக்கமே இல்லை. 100 விழுக்காட்டில் ஒரு பக்கத்துக்கு 48 வரி, 140 வரிக்கு மூன்று பக்கம். அகலம் 30 செ.மீ., கிடைப்பது 17.4 செ.மீ., அதனால் இரண்டு பட்டை. மொத்தம் ஆறு பக்கம்தான் வர வேண்டும். Ctrl+End அழுத்திப் பாருங்கள், சுட்டி எந்த வரியில் போய் நிற்கிறது?

செல்வி:

1000-ஆவது வரி!! A நெடுவரிசையில் வரிசை எண், M-இல் மீதித்தொகை, இரண்டு வாய்பாட்டையும் ஆயிரம் வரிக்கு இழுத்துவிட்டிருந்தேன். A-இல் இருப்பது இது:

```
=IF(B2="","",ROW()-1)
```

M-இலும் இதே மாதிரி, B காலியாக இருந்தால் காலி. திரையில் ஒன்றும் தெரியவில்லையே.

பரணி:

அதேதான். கண்ணுக்குக் காலி, எக்செலுக்கு அது நிரம்பிய கட்டம். ஆயிரம் வரி என்றால் 21 பக்கம், இரண்டு பட்டைக்கு 42. 22-ஆம் பக்கம் ஏன் வலது பாதி என்பதும் இப்போது புரியும். முதலில் கீழே, பிறகு பக்கவாட்டில் என்பதுதான் அதன் வழக்கமான போக்கு.

இதனால்தான் "அச்சுப் பரப்பு" எனக்குப் பிடிக்கவில்லை. பரப்பு என்றால் தானாக விரிந்து கிடப்பது. Print Area நாம் போடும் வேலி: A1:M140 தேர்ந்தெடுத்து Page Layout பட்டையில் Set Print Area கொடுத்தால் மீதி 860 வரி வெளியே நின்றுவிடும். "அச்செல்லை" என்பதே என் வாக்கு. வேலிக்கு உள்ள குறையும் அந்தச் சொல்லிலேயே தெரியும். நாளை 141-ஆவது வரியில் எழுதினால் அது அச்சில் வராது, வரவில்லை என்று எக்செல் ஒரு வார்த்தையும் சொல்லாது. நடுவில் ஒரு வரியைச் செருகினால் மட்டும் எல்லையும் கூடவே நீளும்.

கயல்:

அச்செல்லைக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு: Ctrl பிடித்துக்கொண்டு இரண்டு துண்டைத் தேர்ந்தெடுத்து எல்லை போட்டேன், இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் என்று நினைத்தேன், தனித்தனிப் பக்கமாக வந்தது. இதற்கு "பக்க ஒட்டு" மாதிரி ஏதாவது சொல் இருக்கிறதா?

பரணி:

கயல், அந்த வசதியே இல்லை, அப்புறம் சொல் எதற்கு? எல்லைக்குள் எத்தனை துண்டோ அத்தனை தனிப் பக்கம். நடுவில் இருக்கும் வரிகளை மறைத்துவிட்டு முழுவதையும் ஒரே எல்லையாகப் போடுங்கள்.

செல்வி:

எல்லை போட்டேன், ஆறு பக்கம் வந்தது. பிறகு தாளைக் குறுக்குவாட்டில் திருப்பி, Width-ஐ 1 page ஆக்கி, Height-ஐ Automatic-இலேயே விட்டேன். இப்போது நான்கு பக்கம், எழுத்தும் படிக்கும்படி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிரிவும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று 36, 71, 106 ஆகிய வரிகளுக்கு மேலே Insert Page Break கொடுத்திருந்தேன், அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 38-ஆவது வரிக்குப் பக்கத்தில் தன் இஷ்டத்துக்கு உடைகிறது.

பரணி:

கலைச்சொல்லுக்கு இங்கேதான் உண்மையான வேலை. View பட்டையில் Page Break Preview போய்ப் பாருங்கள். இரண்டு வகை நீலக்கோடு உண்டு. புள்ளிக்கோடு எக்செல் தானாகப் போட்டது, முழுக்கோடு நாம் போட்டது. புள்ளிக்கோட்டைச் சுட்டியால் இழுத்தால் அது முழுக்கோடாகிவிடும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து முன்னால் ஓர் அடைமொழி ஒட்டுகிறது. தமிழில் அந்த ஒட்டு தேவையே இல்லை, நமக்குத் தன்வினையும் பிறவினையும் இருக்கிறதே. தானாக முறிவது பக்க முறிவு, நாம் முறிப்பது பக்க முறிப்பு.

இப்போது உங்கள் சிக்கலை ஒரே வரியில் சொல்லலாம்: நீங்கள் Width-இல் செய்ததுபோல, இத்தனை பக்கத்துக்குள் பொருத்து என்று Fit to கொடுத்துவிட்டால் எக்செல் முறிப்புகளைப் புறக்கணிக்கும், முறிவு மட்டுமே நடக்கும். முறிப்பு வேண்டுமென்றால் Adjust to பக்கம் போய் விழுக்காட்டை நீங்களே கொடுக்க வேண்டும். குறுக்குவாட்டில் கிடைக்கும் அகலம் 26.1 செ.மீ., அதை 30-ஆல் வகுத்தால் 87. ஒரு நூலிழை குறைத்து 85 கொடுங்கள். அப்போது பக்கத்துக்கு 38 வரி கொள்ளும், உங்கள் பிரிவு ஒவ்வொன்றும் 35 வரிதான், முறிப்புகள் சொன்ன இடத்தில் நிற்கும்.

செல்வி:

85 கொடுத்தேன், நான்கு பக்கம், நான்கு பிரிவு. நன்றி!

மணி:

சரி, என் பொத்தானைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் முறிவு, முறிப்பு என்று வாய்விட்டுச் சொன்னால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே விழும்? பாடம் நடத்தும்போது "என்ன சொன்னீர்கள்" என்று பத்துத் தடவை கேட்பார்கள். தானியங்கி முறிவு என்று நீட்டிச் சொன்னால்தான் என்ன?

கயல்:

முறிவு என்றாலே எனக்கு எலும்பு நினைவுதான் வருகிறது, "பக்கப் பிரிப்பு" போதும். அதிலும் பிரிவு, பிரிப்பு என்ற இணை கிடைக்கும்.

பரணி:

கயல், செல்வியின் தாளிலேயே "பிரிவு" வேறு பொருளில் நான்கு முறை இருக்கிறது, "பிரிவுக்கு ஒரு பக்கப் பிரிவு" என்று எழுத வேண்டிவரும். மணி சொல்வது நியாயம், பேச்சில் குழப்பம் உண்டு. ஆனால் கையேட்டைக் கண்ணால்தான் படிக்கிறார்கள்.

செல்வி:

அச்செல்லையை எடுத்துக்கொண்டேன். முறிவு–முறிப்பு இணையை முதல் வரைவில் போட்டுப் பார்க்கிறேன், படிப்பவர்கள் தடுமாறினால் மாற்றுவேன். Scaling இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. "சுருக்கம்" என்று வைக்கலாமென்றால் அது 400 விழுக்காடு வரை பெரிதாக்கவும் செய்யும். "பக்க அடக்கல்" என்றால் நல்லடக்கம் மாதிரி ஒலிக்கிறது, மணி மன்னிக்கவும்.

மணி:

அப்படியானால் Adjust to-வுக்கு "அளவாக்கம்", Fit to-வுக்குப் "பொருத்தம்" என்று இரண்டாக உடைத்துவிடுங்களேன்? நீங்கள் தடுமாறியதே அந்த இரண்டுக்கும் நடுவில்தானே.

கயல்:

பொருத்தம் என்றால் ஜாதகம்.